‘ஒத்துவரலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?’ – மீன் கம்பெனியில் சூப்பர் யூசர் தேர்வும் பயிற்சியும்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் நண்டும் கணவாயும் இறாலும் வாங்கிப் பதப்படுத்தும் கம்பெனி ஒன்று, வரத்து முதல் கணக்கு வரை எல்லாப் பிரிவையும் இணைக்கும் இஆர்பி மென்பொருள் போட முடிவெடுத்தால், நாட்காட்டியில் முதலில் கண்ணில் படுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவரும் நண்டும் மீனும் மட்டும் கொஞ்சம் வரும். ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். அதனால் ஏப்ரலில் பயிற்சி, மே நடுவில் புது மென்பொருளில் தொடக்கம் என்று திட்டம் போடுவார்கள். அது சரியான திட்டம்தான்.

தவறு அதற்கு அடுத்த வரியில் இருக்கும். மென்பொருள் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில், தொடங்கிய நாளிலிருந்து நான்கு வாரம் ஆள் அனுப்பி உடனிருந்து உதவுவதாக எழுதியிருக்கும். மே 15 தொடங்கினால் ஜூன் 12 அன்று அவர்கள் பெட்டியைக் கட்டுவார்கள். மூன்றாம் நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். இரண்டு மாதம் வலை படாத கடலில் இருந்து வரும் முதல் வாரத்து வரத்து எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இருபது சீட்டு போட்டுப் பழகிய கை, ஒரே காலையில் இருநூறு சீட்டு போட வேண்டிவரும். அந்தக் காலையில் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல இருக்கப்போவது கம்பெனிக்குள்ளேயே பழக்கி வைத்திருக்கும் நாலு பேர்தான். அவர்களைத்தான் சூப்பர் யூசர் என்கிறோம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. கணினிப் பிரிவுக்காரர்கள் ‘சூப்பர் யூசர்’ என்றால் எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருக்கும் கணக்கு என்று புரிந்துகொள்வார்கள். இங்கே பேசுவது அதுவல்ல. துறையில் தன் வேலையைச் செய்துகொண்டே, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வழி சொல்பவர். அவரிடம் எல்லாச் சாவியும் இருக்கவே கூடாது; அதைப் பின்னால் பார்க்கலாம்.

யாரை எடுப்பது

ஆள் தேர்வைப் பிரிவுத் தலைவரிடம் விட்டால் மூன்று வகையான பெயர் வரும். ஒன்று, வேகமாக டைப் அடிக்கும் புதுப் பையன். இரண்டு, ‘இவரை அனுப்பினா வேலை கெடாது’ என்ற கணக்கில் வரும் ஆள். மூன்று, தலைவர் தன் பெயரையே போட்டுக்கொள்வது. முதலாளியின் சொந்தக்காரப் பையனும் சில இடங்களில் வருவான்; அவனுக்கென்று தனி வகை தேவையில்லை, முதல் மூன்றில் எதிலாவது அடங்கிவிடுவான்.

மூன்றுமே சிக்கல்தான். புதுப் பையனுக்குத் திரை தெரியும், சரக்கு தெரியாது. ஓட்டுக் கணவாயையும் ஊசிக் கணவாயையும் ‘கணவாய்’ என்று ஒரே சொல்லில் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். பெட்டியை எட்டிப் பார்த்து எது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மென்பொருளின் பொருள் பட்டியலில் இருக்கும் Cuttlefish Whole, Squid Whole இரண்டில் எதைத் தொட வேண்டும் என்பது பிடிபடும். இல்லாவிட்டாலும் வேலை கெடாத ஆளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, அதனால்தான் அவர் இல்லாமலும் வேலை நடக்கிறது. தலைவரிடம் கேட்பதில் வேறு சங்கடம். தப்பாகப் போட்ட சீட்டைக் கையெழுத்துப் போடுகிறவரிடமே கொண்டுபோய்க் காட்ட யாருக்கும் மனம் வராது. மறைப்பார்கள். மறைத்த தப்பு மாதக் கடைசியில்தான் வெளியே வரும்.

நடைமுறையில் பலன் தரும் வழி எளிது. ஒவ்வொரு பிரிவிலும், ஆள் ஆளாக, தனித்தனியே ஒரே கேள்வி கேட்க வேண்டும்: “கணக்கு ஒத்துவரலைன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?” ஒருவர் இரண்டு பெயர் சொல்லலாம். எழுதிக்கொண்டே வந்தால், பத்துப் பேரைக் கேட்பதற்குள் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நாம் அதற்கு ஒரு பெயரும் நேரமும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

வந்த பெயரை மூன்று விதத்தில் சோதிக்கலாம். முதலாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா. பதில் தெரியாத ஒரு கேள்வியை வேண்டுமென்றே கேட்டுப் பார்க்கலாம். “தெரியல அண்ணே, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, மறுநாள் வந்து பதிலும் சொன்னால் அவர்தான் ஆள். ஊகித்துச் சொல்பவர் ஒருவர் இருந்தால் போதும், ஒரே தப்பைப் பத்துப் பேர் செய்வார்கள். இரண்டாவது, அவர் யாருக்கெல்லாம் சொல்ல முடியும். நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கூடத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்கே எடை குறிக்கும் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் அலுவலகத்தில் இருக்கும் தம்பியைத் தேடி வர மாட்டார். பக்கத்து மேசை அக்காவிடம்தான் கேட்பார். அந்த அக்காவுக்குப் பள்ளிப் படிப்போடு நின்றிருக்கலாம், ஆனாலும் சூப்பர் யூசர் அவர்தான். அதேபோல் எடைமேடையில் இருபது வருடம் நின்ற அண்ணனிடம் போய், ‘நீங்க போட்டது தப்பு’ என்று 22 வயதுப் பையன் சொல்ல முடியாது, சொன்னாலும் எடுபடாது. மூன்றாவது, அவரை விட முடியுமா. இதைப் பிரிவுத் தலைவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்: தொடங்கிய முதல் இரண்டு வாரம் அவருடைய வேலையில் பாதியை யார் பார்ப்பது, பெயர் என்ன.

இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான முயற்சிகள் விழுகின்றன. ‘அவரே சமாளிச்சுக்குவார்’ என்று விட்டால், சரக்கு வரும் காலையில் அவர் தன் வேலையைத்தான் பார்ப்பார். கேள்வியோடு வருபவரைப் பார்த்து “இரு, அப்புறம் வரேன்” என்பார். இரண்டு முறை அப்படிக் கேட்டவர் மூன்றாம் முறை வர மாட்டார். பழைய நோட்டிலேயே எழுதி வைப்பார்.

பழைய நோட்டு என்றதும் ஒருவரைச் சொல்ல வேண்டும். சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் சரக்கில் எவ்வளவு கழிவு என்பதெல்லாம் ஒருவரின் நோட்டில் இருக்கும். அவர் மதிப்பே அந்த நோட்டில் இருக்கிறது. இஆர்பி வந்தால் அது போய்விடும் என்று அவர் சரியாகவே புரிந்துகொள்வார். அவரை எதிர்ப்பவர் என்று ஒதுக்கிவிட்டு வேறு ஆளை எடுத்தால், அந்த ஆளுக்கு நோட்டில் இருப்பது எதுவும் தெரியாமல் போகும். ஏஜென்ட் பட்டியலையும் கழிவு விதிகளையும் மென்பொருளுக்காகச் சரிபார்க்கும் வேலையை, பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. ஒரே பெயரில் மூன்று ஏஜென்ட் இருப்பதை அவர்தான் கண்டுபிடிப்பார்.

எத்தனை பேர்

10 முதல் 15 பயனருக்கு ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம். ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம்: வேலையாட்கள் 250 பேர், மென்பொருளைத் தொடுபவர்கள் 46 பேர். கணக்குப்படி நாலு பேர் போதும். ஆனால் வரத்து எடுக்கும் கொட்டகை கரைப்பக்கம், ஆலை நெடுஞ்சாலைப்பக்கம். வரத்துக்கு விடியல் ஒரு ஷிப்ட், மாலை ஒரு ஷிப்ட். குளிர் அறைக்குள் இருப்பவர் வெளியே வந்து கேட்க மாட்டார். ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, ‘எந்த நேரத்தில், எந்த இடத்தில், எழுந்து நாற்பது அடி நடந்தால் ஒருவர் இருக்கிறாரா’ என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வரத்துக்கு 2, நண்டு உடைக்கும் கூடத்துக்கு 2, குளிர் அறைக்கு 1, தரப் பரிசோதனைக்கு 1, கணக்குக்கு 1, ஏற்றுமதி ஆவணத்துக்கு 1, ஆக 8 பேர். வரத்துக்கும் கூடத்துக்கும் இரண்டு இரண்டாக இருப்பது ஷிப்டுக்காக மட்டுமல்ல. பழகிய ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தப் பிரிவு ஊமையாகிவிடக் கூடாது.

பயிற்சியில் எதைச் சொல்லிக்கொடுப்பது

வழக்கமான பயிற்சி சரியான சீட்டை எப்படிப் போடுவது என்று காட்டும். அதை எல்லாப் பயனருக்கும் காட்டினால் போதும். சூப்பர் யூசருக்குத் தனியாக வேண்டியது, தப்பாகப் போன சீட்டு அடுத்தடுத்து எங்கெல்லாம் ஓடும், அதை எந்த வரிசையில் திருப்பி எடுப்பது என்பதுதான். ஐந்து வாரப் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் அவரவர் வேலை, மூன்றாம் வாரம் தனக்கு முன்னால் இருப்பவர் வேலையும் பின்னால் இருப்பவர் வேலையும், நான்காம் வாரம் முழுக்கத் தப்புகள், ஐந்தாம் வாரம் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகுவது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைப்பதில் பயனில்லை.

நான்காம் வாரத்தில் எடுக்க வேண்டிய ஒரு தப்பை முழுதாகப் பார்ப்போம். மென்பொருள் ERPNext என்று வைத்துக்கொள்வோம்; மற்றவற்றில் திரைப் பெயர் மாறும், சங்கதி மாறாது.

ஏஜென்ட் ஒருவர் பத்துப் பெட்டி நீலக்கால் நண்டு கொண்டுவருகிறார். எடைமேடை 312 கிலோ காட்டுகிறது. காலிப் பெட்டி ஒன்று 2 கிலோ, பத்துக்கு 20. நண்டு 292 கிலோ. பழைய நோட்டில் எழுதும்போது கை தானாகக் கழித்துவிடும். புதுத் திரையில் ‘Accepted Quantity’ என்று கட்டம் இருக்கிறது, பெட்டி எடைக்குக் கட்டம் இல்லை. அவசரத்தில் 312 என்று போட்டு Submit அழுத்தியாயிற்று. நண்டு வெந்து, உடைத்து, 73 கிலோ சதை வந்தது. நண்டைச் செலவாகவும் சதையை வரவாகவும் காட்டும் Stock Entry-யும் போட்டாயிற்று. மாலையில் அறிக்கை எடுத்துப் பார்த்தால் தேறியது 23.4 சதவீதம். இந்தக் கம்பெனியின் வழக்கம் 25 சதவீதம். மேற்பார்வையாளர் நேரே உடைக்கும் கூடத்துக்குப் போய், “ஏன்க்கா, ஓட்டுல சதைய விட்டுட்டீங்களா?” என்று கேட்பார். 292-க்கு 73 என்பது சரியாக 25 சதவீதம். அந்தப் பெண்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இன்னொரு பக்கம், கிலோ 400 ரூபாய் விலை என்றால், வராத 20 கிலோவுக்கு ஏஜென்டுக்கு 8,000 ரூபாய் போகப்போகிறது.

சூப்பர் யூசர் இங்கே முதலில் செய்ய வேண்டியது திருத்துவது அல்ல, சரக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. இதை மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் மறக்காது.

நண்டு இன்னும் வேகவில்லை, பில்லும் போடவில்லை என்றால் எளிது. வரத்துச் சீட்டான Purchase Receipt-ஐத் திறந்து Cancel, பிறகு Amend, எடையை 292 ஆக்கி மறுபடி Submit. பழைய சீட்டு ரத்து என்று நிற்கும். புதுச் சீட்டின் எண்ணில் கடைசியில் ‘-1’ ஒட்டிக்கொள்ளும். Submit செய்த சீட்டின் எடையை அப்படியே அழித்து எழுத வழியில்லை என்பதைப் பழைய நோட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும்.

சதை எடுத்தாயிற்று, குளிர் அறையில் இருக்கிறது, பில் போட்டிருக்கிறது, பணம் போகவில்லை என்பது இரண்டாம் நிலை. இப்போது வரத்துச் சீட்டை நேரே ரத்து செய்யப் போனால் மென்பொருள் விடாது. பில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நண்டைச் செலவழித்த பதிவும் பிடித்துக்கொண்டிருக்கும். ஏறிய படியில் பின்னோக்கி இறங்க வேண்டும்: முதலில் பில்லான Purchase Invoice, பிறகு சதைக்கான Stock Entry, கடைசியில் Purchase Receipt. பிறகு மறுபடி மேலேறும் வரிசையில் போட வேண்டும்: வரத்து 292, சதை 73, பில்.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். Amend செய்யும்போது ‘Edit Posting Date and Time’ என்ற கட்டத்தில் டிக் வைத்துப் பழைய தேதியையும் நேரத்தையும் கொடுக்காவிட்டால், சீட்டு இன்றைய நேரத்தில் விழும். நேற்று வெந்த நண்டு இன்று காலையில் வந்ததாகக் கணக்கு சொல்லும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று அடுத்த சீட்டு நிற்கும். இரண்டாவது வழுக்கல் இன்னும் மோசம். தொகுதி எண்ணைத் தானாக உருவாக்கும்படி அமைத்திருந்தால், எண் கட்டம் காலியாக இருக்கும் சீட்டுக்குப் புது எண் வந்துவிடும். ஆனால் பழைய எண் டப்பாவில் ஏற்கெனவே அடித்தாயிற்று. டப்பாவில் ஒரு எண், கணினியில் ஒரு எண் என்றால், வாங்குபவர் இந்த டப்பா எந்த நாள் நண்டு என்று கேட்கும்போது வழி அறுந்திருக்கும். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் எட்டாயிரம் ரூபாயைவிட இது பெரிய நஷ்டம். ஆகவே Submit-க்கு முன் பழைய எண்ணையே தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கப் பழக்க வேண்டும்.

மூன்றாம் நிலை, சரக்கு வண்டியேறிவிட்டது அல்லது ஏஜென்டுக்குப் பணம் போய்விட்டது. இங்கே சூப்பர் யூசர் எதையும் தொடக் கூடாது. சீட்டு எண், சரியான எடை, எடைமேடைத் துண்டு மூன்றையும் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். அவர்கள் ஏஜென்டின் கணக்கில் 8,000-ஐப் பற்றுக் குறிப்பாகப் போட்டு, சரக்கின் அடக்க விலையை அந்த மாதத்திலேயே சரிசெய்வார்கள். தொடக் கூடாத இடம் எது என்று தெரிவது திருத்தத் தெரிவதைவிடக் கடினம். தேர்விலும் இந்த மூன்றாம் நிலைக்குத்தான் அதிக மதிப்பெண் வைக்க வேண்டும்.

இந்த ஒரு தப்பை எட்டுப் பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அவரவர் பங்கை அவரவர் திரையில் செய்து ஒரு முறை முழுக்கத் திருப்பி எடுத்தால், பிரிவுகளுக்கு நடுவில் இருக்கும் கதவு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேறு இரண்டு தப்பையும் இப்படிப் பார்த்துவிடலாம்: நடுச்சாமம் தாண்டி வந்த சரக்குக்கு எந்தத் தேதி, இணையம் அறுந்து மறுபடி வந்தபோது இரண்டு முறை ஏறிய சீட்டு. இரண்டாவதற்கு மருந்து காகிதத்தில் இருக்கிறது. வரிசை எண் அச்சடித்த சீட்டுப் புத்தகம் எடைமேடையில் எப்போதும் இருக்க வேண்டும். அந்த எண்ணை மென்பொருளில் ஒரு கட்டத்தில் கட்டாயமாகக் கேட்டு, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதபடி வைக்கச் சொல்ல வேண்டும். மின்சாரம் போன காலையிலும் அந்தப் புத்தகமே காப்பாற்றும்.

பயிற்சிக்கென்று கொடுக்கும் நகல் மென்பொருளில் கம்பெனியின் உண்மையான பொருள் பெயர்களும் ஏஜென்ட் பெயர்களும் இருக்க வேண்டும். ‘பொருள் 1, பொருள் 2’ என்று பழகிய கை, உண்மைத் திரையில் தடுமாறும். ஆனால் உண்மைபோலவே இருப்பதால் ஒரு ஆபத்து: உண்மையான சீட்டை நகலில் போட்டுவிட்டு, சரக்கு எங்கே என்று தேடுவார்கள். நகலின் மேற்பட்டையைக் கண்ணை உறுத்தும் நிறத்தில் மாற்றி, ‘பயிற்சி’ என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். அதிலிருந்து மெயிலும் குறுஞ்செய்தியும் வெளியே போகாதபடி நிறுத்திவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஏஜென்டுக்கு, கொண்டுவராத நண்டுக்கு ரசீது போகும். அவர் பணம் கேட்டும் வருவார்.

ஐந்தாம் வாரத்தில் ஒவ்வொரு சூப்பர் யூசரும் தன் பிரிவில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க, பயிற்சியாளர் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் ஒரே விதி: சொல்லிக்கொடுப்பவர் மவுஸைத் தொடக் கூடாது. “தள்ளு, நான் போட்டுத் தரேன்” என்பது அன்பினால் வருவது. ஆனால் அன்று போட்டுக் கொடுத்தவர் வருடம் முழுக்கப் போட்டுக் கொடுக்க வேண்டிவரும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அது பலிக்கும்.

வாரக் கடைசியில் தேர்வு. போன வருடம் ஜூன் கடைசியில் அதிக வரத்து வந்த ஒரு காலையின் சீட்டுகளை அப்படியே எடுத்து, அதில் நாலைந்து சீட்டில் வேண்டுமென்றே தப்பு கலந்து, நகலில் அதே வேகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். தடைக்காலத்துக் குறைந்த வரத்தில் மறைந்திருக்கும் சிக்கல்கள் அப்போதுதான் தெரியும்: ஒரே கணினியில் மூன்று பேர் வரிசை, ஈரக் கையில் வேலை செய்யாத தொடுதிரை, நனைந்தவுடன் அழியும் சீட்டு மை. இவை மே மாதத்தில் தெரிந்தால் பொருள் வாங்கி மாற்ற நாள் இருக்கிறது.

தொடங்கிய பிறகு

சூப்பர் யூசரிடம் வரும் கேள்விகளை அவரே மூன்றாகப் பிரிக்கப் பழக வேண்டும். எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு அங்கேயே பதில். தப்பாகப் போனதைத் திருத்துவது என்றால் மேலே சொன்ன நிலையைப் பார்த்துச் செய்வது. திரை நிற்கிறது, அனுமதி இல்லை என்று வருகிறது, கூட்டல் தப்பாக வருகிறது என்றால் தானே கிண்டிப் பார்க்காமல் மென்பொருள்காரருக்கு அனுப்புவது. அனுப்பும்போது நாலு விஷயம் இருந்தாக வேண்டும்: சீட்டு எண், முழுத் திரையின் படம், நேரம், என்ன செய்ய நினைத்தார் என்று ஒரு வரி. பிழைச் செய்தியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்தச் சீட்டு, யார் போட்டது என்று கேட்டு அரை நாள் ஓடும்.

அனுமதிச் சாவியை இங்கே சொல்லிவிடலாம். வரத்துப் பிரிவின் சூப்பர் யூசருக்கு Purchase Receipt-ல் Cancel, Amend அனுமதி வேண்டும். பில்லிலோ பணத்திலோ கூடாது. பில்லை ரத்து செய்யக் கணக்குப் பிரிவின் சூப்பர் யூசர்தான் வேண்டும்; இரண்டு பேர் சேர்ந்தால்தான் இரண்டாம் நிலைத் திருத்தம் நடக்கும் என்பது தொல்லை மாதிரித் தெரியும், அது காவல். அதைவிட முக்கியம், அவருடைய கடவுச்சொல் ஊருக்கே தெரிந்துவிடாமல் பார்ப்பது. “அக்கா, உங்க ஐடில ஒரு தடவ போட்டுக்கிறேன்” என்று ஒருவர் தொடங்கினால், ஒரு வாரத்தில் எல்லா ரத்தும் அந்த அக்கா பெயரில் நிற்கும். வாரம் ஒரு முறை ரத்தான சீட்டுகளின் பட்டியலை எடுத்து அவரோடு உட்கார்ந்து பார்த்தால், ‘இது நான் செய்யலையே’ என்று அவரே சொல்வார்.

அந்த முதல் வாரங்களில் புலம்பலைக் குறைக்க, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் ஏற்றுக்கொள்ளும் ‘Allow Negative Stock’ தெரிவை மென்பொருள்காரர் திறந்துவிடப் பார்ப்பார். சீட்டு நிற்காது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வரத்தைப் போடாமலே சதையைப் போட்டவர், எடையைத் தப்பாகப் போட்டவர் எல்லோரும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள். மாத முடிவில் குளிர் அறையை எண்ணும்போது எந்தத் தப்பு எங்கே விழுந்தது என்று தேட முடியாது. சீட்டு நிற்பதுதான் சூப்பர் யூசருக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு. அந்தத் தெரிவை மூடச் சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும், கேட்கும் காது மேலாளருக்கு வேண்டும்.

தினமும் வேலை ஓயும் நேரத்தில், எட்டுப் பேரும் நின்றபடியே இருபது நிமிடம் கூடினால் போதும். ஒவ்வொருவரும் அன்று வந்த கேள்விகளைத் தன் நோட்டில் இருந்து படிக்க வேண்டும். ஒரே கேள்வி மூன்று வேறு ஆட்களிடம் இருந்து வந்தால் அது பயிற்சிக் குறை அல்ல, திரையின் குறை. பெட்டி எடை அப்படிப்பட்டதுதான். பத்துப் பேருக்கு ‘கழிச்சுப் போடுங்க’ என்று சொல்வதைவிட, திரையில் மொத்த எடை, பெட்டி எண்ணிக்கை என்று இரண்டு கட்டம் வைத்து, மீதியை மென்பொருளே கணக்கிடச் செய்வது மேல்:

```
நிகர எடை = மொத்த எடை − (பெட்டி எண்ணிக்கை × ஒரு பெட்டியின் எடை)
```

ஒரு பெட்டியின் எடையும் நிலையானதல்ல. புதுப் பெட்டி ஒரு எடை, நனைந்து அடியில் மண் பிடித்த பெட்டி ஒரு எடை. வாரம் ஒரு முறை, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் பத்தை எடுத்து எடை போட்டு, சராசரியை மாற்றுவது வரத்து சூப்பர் யூசரின் வேலையாக எழுதிவைக்கலாம். ஏஜென்ட் முன்னால் வைத்து எடை போட்டால் சண்டையும் குறையும்.

ஜூன் 15-க்குப் பிறகு வருவதை இரண்டாவது தொடக்கமாகவே நடத்த வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். வரத்து அடுத்த நாள் விடியலில் இறங்கும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் வரத்துப் பிரிவின் இரண்டு சூப்பர் யூசரும் ஒரே ஷிப்டில் வேண்டும், அவர்களுக்குச் சொந்தச் சீட்டு வேலை எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளியும் சனியும் இளைப்பாற விடலாம். மென்பொருள் நிறுவனத்தின் நான்கு வாரத்தைத் தொடர்ச்சியாக வாங்காமல், மே நடுவில் இரண்டு வாரம், ஜூன் நடுவில் இரண்டு வாரம் என்று பிரித்து எழுதி வாங்கினால் செலவு அதிகமாகாது, ஆளும் வேண்டிய நாளில் இருப்பார். இதைக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் நாள் கூலி தனி என்பார்கள். தடைக்காலத்தில் தொடங்க முடியாமல் போனவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால், ஞாயிறு விடியலுக்கு முன் இரண்டு இலகுவான நாள் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம் பாதி நாள், அடுத்த ஒரு மாதம் தினம் இரண்டு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் என்று சூப்பர் யூசருக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வரலாம். ஜூன் நடுவில் மறுபடி பாதி நாளாக்க வேண்டும். இதற்கு மாதப் படி ஒன்று தனியாகக் கொடுக்கிற கம்பெனிகளில் ஆள் நிற்கிறார்கள். ‘பொறுப்பு கொடுத்திருக்கோம்ல’ என்று தட்டிக்கொடுத்து முடிக்கிற இடத்தில், மென்பொருள் பழகிய கையை அடுத்த ஊர்க் கம்பெனி இரண்டாயிரம் கூட்டிக் கூப்பிட்டுக்கொள்ளும். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் வாக்கில் அந்தப் பழைய கேள்வியை மறுபடி பிரிவு பிரிவாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எட்டில் ஒன்றிரண்டு பெயர் மாறியிருக்கும். குளிர் அறையில் ஒருவரை நியமித்திருப்போம், ஆனால் எல்லோரும் கேட்பது அவருடைய உதவியாளரை என்று தெரியவரும். அப்படி இருந்தால் அடுத்த ஏப்ரல் பயிற்சிக்கு உதவியாளரின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். முன்னவரை நீக்க வேண்டியதில்லை. ரத்துப் பட்டியலைப் பார்க்கும் வேலையை அவரிடம் விடலாம்.